இரவு அழைப்பு எத்தனை முறை வரும்?

சனிக்கிழமை இரவு கழிந்து ஞாயிறு அதிகாலை 2.40. தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்த செல்போன் அலறுகிறது. வழக்கமான ரிங்டோன் இல்லை. சைலண்டில் போட்டாலும் ஒலிக்கும்படி அமைக்கப்பட்ட எச்சரிக்கை. நியூயார்க்கில் அப்போது சனிக்கிழமை மாலை 5.10. அங்கே ஒரு கடைச் சங்கிலியில் கார்டு போட்டால் பணம் போகவில்லை. பதினைந்து நிமிடத்துக்குள் 'பார்த்துவிட்டேன்' என்று ஆப்பில் அழுத்தி, லேப்டாப்பைத் திறந்து, ஏற்கெனவே பத்துப் பேர் பேசிக்கொண்டிருக்கும் பிரிட்ஜ் காலில் நுழைய வேண்டும். கோளாறு தீர நாலரை ஆகிவிடும். திங்கள்கிழமை மதியம் வழக்கம்போல ஷிப்ட்.

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் புரொடக்‌ஷன் சப்போர்ட் பார்ப்பவர்களுக்கு இது புதிய காட்சி இல்லை. இதற்குப் பெயர் ஆன்-கால். அலுவலக நேரம் முடிந்த பிறகும், வாடிக்கையாளரின் கணினி அமைப்பில் எது உடைந்தாலும் எழுந்து சரிசெய்யும் பொறுப்பு, முறை வைத்து ஒவ்வொருவர் தலையிலும் வரும். வேலை அப்படிப்பட்டது, யாராவது எழுந்துதான் ஆக வேண்டும். ஆனால் அந்த முறை எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரும், வந்தால் எத்தனை தரம் எழுப்பும், எழுந்ததற்கு என்ன கிடைக்கும் என்பது பலருக்கும் சேர்ந்து இரண்டு மாதம் ஆன பிறகுதான் தெரிகிறது. அதற்குள் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பல ஐ.டி. நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் 90 நாள் என்பதால், தெரிந்த மறுநாளே வெளியே வரவும் வழியில்லை.

தெரிந்துகொள்ள வேண்டிய நேரம் அதற்கு முன்பே வந்துபோகிறது. நேர்முகத் தேர்வின் கடைசி ஐந்து நிமிடத்தில், 'உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?' என்பார்கள். பெரும்பாலானோர் 'ஒன்றுமில்லை சார்' என்று சொல்லி எழுந்துவிடுகிறார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள், 'ஓவர்டைம் இருக்குமா?' என்று கேட்கிறார்கள். 'எப்பவாவது இருக்கும், டீம் ரொம்ப சப்போர்ட்டிவ்' என்று பதில் வரும். அந்தப் பதிலில் பொய் எதுவும் இருக்காது. பயன்படும் தகவலும் எதுவும் இருக்காது. 'இருக்குமா' என்று கேட்டால் 'இருக்கலாம்' என்றுதான் பதில் வரும். எண்ணால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

முதல் எண், முறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது. 'டீமில் எத்தனை பேர்' என்று கேட்கக் கூடாது. டீமில் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அதில் மூன்று பேர் டெஸ்டிங், இரண்டு பேர் புதியவர்கள், ஒருவர் மேனேஜர், இருவர் வேறு பிராஜெக்ட்டுக்குப் பாதி நேரம் போகிறவர்கள். கடைசியில் இரவு அழைப்பு எடுப்பது நாலு பேராக இருக்கும். ஒரு வாரம் ஒருவர் என்றால், நாலு பேருக்கு வருடத்தில் ஆளுக்கு 13 வாரம். அதில் ஒருவர் வேலையை விட்டுப் போனால், மாற்று ஆள் வந்து பழகும்வரை மூன்று பேர். அந்த வேகத்தில் வருடத்துக்கு 17 வாரம். தீபாவளிக்கு ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவரின் முறை முன்னே வரும்.

கூகுள் பொறியாளர்கள் 2016-ல் வெளியிட்ட 'சைட் ரிலையபிலிட்டி எஞ்சினியரிங்' என்ற புத்தகத்தில் இதற்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது. ஒரே ஊரில் இருந்துகொண்டு 24 மணி நேரமும் பொறுப்பேற்கும் குழு என்றால் குறைந்தது எட்டுப் பேர் வேண்டும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஒரே நேரத்தில் முதல் ஆள் ஒருவர், அவர் எடுக்காவிட்டால் எடுக்க இரண்டாம் ஆள் ஒருவர் என்று வைத்து, யாருக்கும் வேலை நேரத்தில் கால் பங்குக்கு மேல் ஆன்-கால் போகக் கூடாது என்று பிடித்தால் எட்டு வருகிறது. பன்னிரண்டு மணி நேர முறை ஒன்றில் இரண்டு கோளாறுக்கு மேல் வந்தால் அதிகம் என்றும் அவர்கள் வரையறுத்தார்கள். ஏனென்றால் ஒரு கோளாறு என்பது அதைச் சரிசெய்வதோடு முடிவதில்லை. காரணம் கண்டுபிடித்து, மறுபடி வராமல் அடைத்து, எழுதி வைப்பதுவரை கிட்டத்தட்ட ஆறு மணி நேரத்தைத் தின்றுவிடும். நம் ஊர்ச் சப்போர்ட் குழுக்கள் எல்லாம் அந்த வசதியில் இயங்குவதில்லை. இருந்தாலும் நாலு பேர் குழு என்று கேள்விப்படும்போது, எட்டு என்ற எண்ணை மனசில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.

அடுத்தது, எத்தனை நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பது. சின்ன விவரம் போலத் தெரியும் இதுதான் அந்த வாரத்தின் வாழ்க்கையையே தீர்மானிக்கிறது.

பெல்ஜியத்தில் நிவெல் என்ற ஊரில் ஒரு தன்னார்வத் தீயணைப்பு வீரர் இருந்தார். காத்திருப்பு முறையின்போது அவர் வீட்டில் இருக்கலாம். ஆனால் அழைப்பு வந்தால் எட்டு நிமிடத்துக்குள் நிலையத்தில் நிற்க வேண்டும். இந்த நேரமும் வேலை நேரம்தானே என்று அவர் வழக்குப் போட்டார். 2018 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஆமாம், அது வேலை நேரம்தான் என்று சொல்லிவிட்டது. வீட்டில் இருந்தாலும், எட்டு நிமிடம் என்ற கட்டு ஒருவரைத் தன் இஷ்டப்படி எதையும் செய்ய விடாது என்பது அதன் பார்வை. மூன்று வருடம் கழித்து, 2021 மார்ச்சில், ஸ்லோவேனியாவில் மலைமேல் உள்ள ஒலிபரப்பு நிலையத்தில் பணியாற்றிய ஒரு டெக்னீஷியனின் வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்தது. அவருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் ஒரு மணி நேரம். காத்திருப்பு நேரம் முழுவதும் தானாகவே வேலை நேரமாகிவிடாது, கட்டுப்பாடு அவர் வாழ்க்கையை எந்த அளவு நெருக்குகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார்கள் நீதிபதிகள்.

இந்தத் தீர்ப்புகள் சென்னையில் செல்லாது. ஆனால் அவை காட்டிய அளவுகோல் எங்கேயும் பொருந்தும். பதினைந்து நிமிடம் என்றால், வேளச்சேரியிலிருந்து மயிலாப்பூருக்குப் பைக்கில் போக முடியாது. வழியில் அழைப்பு வந்தால் லேப்டாப்பைத் திறக்க இடம் தேட வேண்டும். சினிமாவுக்குப் போக முடியாது. குழந்தையைத் தனியாகப் பூங்காவுக்குக் கூட்டிப்போக முடியாது. குளிக்கப் போகும்போது போனை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு மணி நேரம் என்றால் இவை எல்லாமே நடக்கும், பையில் லேப்டாப் இருந்தால் போதும். சம்பளமும் ஒன்று, பதவியின் பெயரும் ஒன்று. ஆனால் இரண்டு வேலையும் ஒன்றல்ல.

இதோடு சேர்ந்ததுதான், போன மாதம் எத்தனை அழைப்பு வந்தது, அதில் இரவு பதினொன்றிலிருந்து காலை ஆறுக்குள் எத்தனை என்ற கேள்வி. வாரத்துக்கு ஒன்று வரும் குழுவும் உண்டு, இரவுக்கு மூன்று வரும் குழுவும் உண்டு. வருபவை எல்லாம் உண்மையான கோளாறா என்பதும் முக்கியம். வட்டில் இடம் எண்பது சதவீதம் நிரம்பியதற்கெல்லாம் ஆளை எழுப்பும் வகையில் எச்சரிக்கைகளை அமைத்துவிட்டு, பிறகு யாரும் திருத்தாமல் விட்ட அமைப்புகள் இருக்கின்றன. 'தேவையில்லாத எச்சரிக்கைகளைக் கடைசியாக எப்போது நீக்கினீர்கள்?' என்று கேட்டால், நன்றாக நடக்கும் குழுவின் லீட் உற்சாகமாகப் பதில் சொல்லத் தொடங்குவார். அப்படி ஒரு வேலையே நடப்பதில்லை என்றால் ஒரு கணம் விழிப்பார்.

இரவு அழைப்பைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு அன்றாட நேரத்தைக் கேட்க மறந்துவிடுவதும் நடக்கிறது. 'மதியம் 1 முதல் இரவு 10' என்று ஆஃபர் லெட்டரில் இருக்கும். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6.30. அங்கே நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அன்றிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறுவரை அதே 9 மணி நமக்கு 7.30. வாடிக்கையாளர் வைக்கும் தினக் கூட்டம் அவர்களுக்கு மதியம் 12 என்றால், கோடையில் நமக்கு 9.30-க்குத் தொடங்கி ஷிப்ட்டுக்குள் முடியும். குளிர்காலத்தில் 10.30-க்குத் தொடங்கும். ஷிப்ட் முடிந்து அரை மணி நேரம் கழித்துத் தொடங்கும் கூட்டத்துக்கு யாரும் ஓவர்டைம் என்று பெயர் வைப்பதில்லை. அதனால் ஜூனில் சேர்கிறவர், 'தினக் கூட்டம் எத்தனை மணிக்கு? நவம்பருக்குப் பிறகு எத்தனை மணிக்கு?' என்று இரண்டையும் கேட்டுவிடுவது நல்லது. கடைசி கேப் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பதையும் அதே மூச்சில் கேட்கலாம். பத்து மணி ஷிப்ட்டுக்குப் பத்தேகாலுக்கு ஒரு கேப், பதினொன்றரைக்கு ஒரு கேப் என்றால், இரண்டாவதில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதைப் பார்த்தாலே அந்த அலுவலகத்தின் உண்மையான மூடும் நேரம் தெரிந்துவிடும்.

இந்த எண்கள் கையில் வந்தபின் என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு கணக்கு. மூன்று வருட அனுபவம் உள்ள ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆஃபர் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது மாதம் 70,000 ரூபாய். நாலு பேர் ஆன்-கால், முறை வரும் வாரத்துக்கு 2,000 ரூபாய் படி. இரண்டாவது மாதம் 62,000 ரூபாய், ஆன்-கால் கிடையாது. கேட்டதும் எல்லோரும் முதலாவதைத்தான் சொல்வார்கள். மாதம் 72,000-க்கும் 62,000-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு சின்னக் கடன் தவணை.

இரண்டு இடத்திலும் சாப்பாட்டு நேரத்தைச் சேர்த்து நாளுக்கு 9 மணி நேரம், மாதம் 22 நாள்; ஆக 198 மணி நேரம். இரண்டாவது ஆஃபரில் அதுதான் முழுக் கணக்கு. முதலாவதில், அவள் லீடிடம் கேட்டுத் தெரிந்துகொண்டபடி, வாரத்தில் மூன்று நாள் கூட்டம் ஒரு மணி நேரம் நீள்கிறது: மாதத்துக்கு 13 மணி. அவளுடைய ஆன்-கால் வாரத்தில் சராசரியாக ஆறு அழைப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி: 9 மணி. மாதம் ஒரு சனிக்கிழமை இரவு ரிலீஸ்: 6 மணி. மொத்தம் 28 மணி நேரம் கூடுதல். 72,000-ஐ 226 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 319 ரூபாய். 62,000-ஐ 198-ஆல் வகுத்தால் 313 ரூபாய். பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம், மணிக்கு ஆறு ரூபாயாகச் சுருங்கிவிட்டது.

இதில் காத்திருக்கும் நேரத்துக்கு விலையே போடவில்லை. ஒரு வாரத்தில் 168 மணி நேரம். அலுவலக நேரம் 45 போனால் 123. அத்தனை நேரமும் போன் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 2,000 ரூபாயை 123-ஆல் வகுத்தால் மணிக்கு 16 ரூபாய்.

இவ்வளவுக்குப் பிறகும் அவள் முதல் ஆஃபரை எடுக்கலாம். அங்கே கற்றுக்கொள்வது அதிகமாக இருக்கலாம், கையில் வரும் மொத்தப் பணம் அவளுக்கு இப்போது தேவைப்படலாம். கூடுதல் பத்தாயிரம் கூடுதல் வேலைக்குத்தான் வருகிறது என்று தெரிந்து எடுப்பாள், அதுதான் விஷயம். இரவு எழுந்தால் மறுநாள் தாமதமாக வரலாமா, ரிலீஸ் சனிக்கிழமைக்குக் காம்ப் ஆஃப் உண்டா, அது எத்தனை நாளுக்குள் காலாவதியாகும் என்பதைச் சேர்த்துக் கேட்டால் கணக்கு இன்னும் தெளியும். காம்ப் ஆஃப் என்பது ஏட்டில் இருந்தும் எடுக்க முடியாமல் போவது சகஜம். முப்பது நாளில் காலாவதி, அந்த முப்பது நாளிலும் குழுவில் ஆள் பற்றாக்குறை என்றால் அது இல்லாததற்குச் சமம். 'போன காம்ப் ஆஃபை எப்போது எடுத்தீர்கள்?' என்று குழுவில் உள்ளவரிடம் கேட்டால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வதும் பேச்சுக்கு ஒரு பிடிமானம். தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் அலுவலகங்களுக்கும் உரியது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அதன் வரம்பு. கூடுதல் வேலையையும் சேர்த்தால் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு வழக்கமான ஊதியத்தைப் போல இரண்டு மடங்கு. ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அரசு நினைத்தால் விலக்கும் அளிக்கலாம். அதனால்தான் 'அசோசியேட் மேனேஜர்' என்ற பதவிப் பெயரோடு, கீழே ஒரு ஆள்கூட இல்லாத வேலை வரும்போது கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 'இந்தப் பதவிக்கு ஓவர்டைம் கணக்கிடப்படுமா?' என்ற ஒரே கேள்விக்கு எச்.ஆர். சொல்லும் பதிலில், நிறுவனம் அந்த வேலையை எந்தப் பக்கம் வைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

யாரிடம் கேட்பது என்பதும் கேள்வி அளவுக்கே முக்கியம். எச்.ஆருக்குப் படி, காம்ப் ஆஃப், பதவி நிலை போன்ற விதிகள் தெரியும். போன செவ்வாய்க்கிழமை இரவு யார் எழுந்தார் என்பது தெரியாது. டெலிவரி மேனேஜருக்கு எண்கள் தெரிந்திருக்கலாம். ஆனால் அவர் பெயர் முறையில் இருக்காது. கேட்க வேண்டியது முறையில் பெயர் இருப்பவரிடம். தொழில்நுட்ப நேர்முகத் தேர்வை எடுப்பவர் பெரும்பாலும் அந்தக் குழுவின் லீட்தான். அந்தக் கட்டத்திலேயே, 'போன தடவை உங்க டர்ன்ல எத்தனை நைட் எழுந்தீங்க?' என்று இயல்பாகக் கேட்டுவிடலாம். வேலை தெரிந்தவர் கேட்கும் கேள்வி அது. லீடுக்கு மரியாதைதான் கூடும். அந்த வாய்ப்பு தவறிப்போனால், ஆஃபர் வந்த பிறகு, ஒப்புக்கொள்வதற்கு முன், 'குழுவில் ஒருவரோடு பதினைந்து நிமிடம் பேச முடியுமா?' என்று கேட்கலாம். ஆள் தேர்வாகிவிட்ட பிறகு இதை மறுக்கும் நிறுவனங்கள் குறைவு. மறுத்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

சம்பளம் பேசும்போதே இதையும் ஒன்றாகப் போட்டு இழுக்காமல், தனியாக, முதலில் கேட்பது நல்லது. நேரத்தைப் பற்றிய உண்மை தெரிந்த பிறகு சம்பளம் பேசினால், 'மாதம் 28 மணி நேரம் கூடுதலாக வருகிறது, அதற்கு இந்தத் தொகை' என்று பேச முடியும். இல்லாவிட்டால் எதற்காகக் கூட்டிக் கேட்கிறோம் என்று சொல்லக் காரணமே இருக்காது.

'அந்த இடம் ஏன் காலியானது?' என்பது பலர் கேட்கத் தயங்கும் ஒன்று. குழு பெரிதாகிறது என்றால் நல்லது. போன ஒரு வருடத்தில் அதே இடத்துக்கு இது மூன்றாவது ஆள் என்றால், மேலே போட்ட கணக்கை இன்னொரு தடவை போட வேண்டும்.

ஆஃபர் லெட்டரில் இந்தப் பேச்சு எதுவும் இருக்காது. 'வேலை நேரம் வணிகத் தேவைக்கேற்ப மாறும்' என்ற ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பணி நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன; ஆனாலும் ஆன்-கால் வாரம் எத்தனை என்பதை அதில் எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லை. அதற்கு ஒரு எளிய வழி உண்டு. பேசி முடித்த அன்றே எச்.ஆருக்கு ஒரு மெயில்: 'இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டவை: ஆன்-கால் முறையில் நாலு பேர், ஜனவரியில் ஆறு பேர் ஆகும்; பதில் நேரம் 30 நிமிடம்; வாரத்துக்கு 2,000 ரூபாய் படி; இரவு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் மறுநாள் தாமதமாக வரலாம். தவறு இருந்தால் சொல்லுங்கள். சரியாக இருந்தால் ஆஃபரை ஏற்றுக்கொள்கிறேன்.' இதில் கோரிக்கை எதுவும் இல்லை. சொன்னதைத் திருப்பிச் சொல்வது மட்டும்தான். அதனால் எச்.ஆருக்கும் 'சரி' என்று பதில் போடுவது சுலபம். ஏதாவது ஒரு எண் தவறாக இருந்தால் அப்போதே திருத்தம் வரும். 'ஆறு பேர் ஆவது உறுதி இல்லை, பட்ஜெட் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறோம்' என்ற வரி கையெழுத்துக்கு முன் வருவதற்கும் பின் வருவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இந்த மெயிலையும் பதிலையும் சொந்த மெயில் கணக்கில் வைத்திருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து மேனேஜர் மாறி, புதியவர் 'அப்படி எல்லாம் யார் சொன்னது?' என்று கேட்கும் நாளில், எடுத்துக் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.